விபிஎன்னைக் காட்டிக்கொடுக்கும் முதல் பைட்

2023 ஆகஸ்டில் ரஷ்யாவின் மொபைல் நெட்வொர்க்குகளில் பலருக்கு விபிஎன் திடீரென்று வேலை செய்யாமல் போனது. இணையம் ஓடிக்கொண்டிருந்தது, வங்கிச் செயலி திறந்தது, வீடியோ ஓடியது. ஓப்பன்விபிஎன், ஒயர்கார்டு போன்ற நெறிமுறைகளில் அமைந்த இணைப்புகள் மட்டும் எழும்பவில்லை. அந்த இணைப்புகளுக்குள் யார் எந்தத் தளத்தைப் பார்க்கப்போகிறார் என்பது தடுத்த கருவிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை, எல்லாம் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தது. ஆனாலும் 'இது ஓப்பன்விபிஎன்', 'இது ஒயர்கார்டு' என்று அந்தக் கருவியால் பெயர் சொல்லிப் பிரிக்க முடிந்தது.

போகும் இடம் மறைந்த பிறகும் போகும் வாகனம் எது என்று எப்படித் தெரிகிறது? அடுத்த தெருவிலிருந்து வரும் மேளச் சத்தத்தைக் கேட்டே அது கல்யாண ஊர்வலமா, இறுதி ஊர்வலமா என்று நாம் சொல்லிவிடுகிறோம். மாப்பிள்ளை யார், எந்த மண்டபத்துக்குப் போகிறார் என்பது தெரியாவிட்டாலும் சரி. விபிஎன்னைக் கண்டுபிடிப்பதும் அப்படித்தான். கருவி கேட்பது சேதியை அல்ல, சேதி அனுப்பும் முறையை.

எது மறைகிறது, எது மறைவதில்லை

இணையத்தில் எதை அனுப்பினாலும் அது சிறு சிறு பாக்கெட்டுகளாகப் போகிறது. ஒவ்வொரு பாக்கெட்டின் தலைப்பிலும் அனுப்புபவர், பெறுபவர் ஆகிய இருவரின் ஐபி முகவரிகள் இருக்கும். விபிஎன் போட்டதும் உங்கள் கணினி அந்தப் பாக்கெட்டை முகவரியோடு சேர்த்து மறையாக்கம் செய்து, இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து, விபிஎன் சர்வரின் முகவரியை மேலே எழுதி அனுப்புகிறது. இடையில் இருக்கும் இணையச் சேவை நிறுவனம் பார்ப்பது அந்த வெளி முகவரியை மட்டும்தான். நீங்கள் செய்தித்தளம் பார்க்கிறீர்களா, நண்பருக்கு அஞ்சல் அனுப்புகிறீர்களா என்பது உள்ளே பூட்டிக் கிடக்கிறது.

வெளி முகவரியைப் பட்டியல் போட்டுத் தடுக்கலாம். ஆனால் விபிஎன் நிறுவனங்கள் சர்வர்களை மாற்றிக்கொண்டே இருக்கும். தனி ஒருவரே ஒரு வாடகை சர்வரில் சொந்த விபிஎன் அமைத்துக்கொள்ளவும் முடியும். பட்டியல் எப்போதும் பின்தங்கியே இருக்கும். அதனால்தான் தடுப்பவர்கள் முகவரியை விட்டுவிட்டு நெறிமுறையைத் தேடுகிறார்கள். அதற்கான கருவிதான் 'டீப் பாக்கெட் இன்ஸ்பெக்‌ஷன்', சுருக்கமாக டிபிஐ. சாதாரண ரவுட்டர் பாக்கெட்டின் தலைப்பைப் படித்து வழி காட்டுவதோடு நின்றுவிடும். டிபிஐ கருவி தலைப்பைத் தாண்டி உள்ளடக்கத்தின் பைட்டுகளையும், அவற்றின் நீளத்தையும், அவை வரும் ஒழுங்கையும் பார்க்கிறது. 2019-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி ரஷ்யாவில் இணையச் சேவை நிறுவனங்களின் நெட்வொர்க்குகளுக்குள்ளேயே இத்தகைய கருவிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன.

மறையாக்கம் செய்த பிறகு பார்ப்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று தோன்றும். மிச்சம் இருப்பது இணைப்பின் தொடக்கம். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு கணினிகள் பூட்டுச் சாவி எதையும் பகிர்ந்துகொள்ளாத நிலையில் பேச ஆரம்பிக்கின்றன. 'நான் இன்ன நெறிமுறை பேசுகிறேன், இது என் முதல் பாக்கெட், உன் பதில் எங்கே' என்று சொல்லித்தான் சாவியை உருவாக்க முடியும். இதைக் கைகுலுக்கல் என்பார்கள். இந்தக் கைகுலுக்கல் எல்லா இடத்திலும் ஒரே விதிப்படி நடக்க வேண்டும், இல்லாவிட்டால் இரு முனைகளும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடப்பதுதான் அடையாளம் ஆகிறது.

பதினான்கு பைட்டுகள்

ஓப்பன்விபிஎன்னை எடுத்துக்கொள்வோம். 2001 முதல் புழக்கத்தில் இருக்கும் இது, வணிக விபிஎன் நிறுவனங்கள் மிகப் பரவலாகப் பயன்படுத்திவந்த நெறிமுறை. வழக்கமான அமைப்பில், கூடுதல் பாதுகாப்பு எதுவும் சேர்க்காதபோது, உங்கள் கணினி சர்வருக்கு அனுப்பும் முதல் பாக்கெட்டின் உள்ளடக்கம் வெறும் 14 பைட். அது இப்படி இருக்கும்:

```
38 a1 5c 07 e9 42 9b d0 6f 00 00 00 00 00
```

`38`-க்கு அடுத்த எட்டு பைட்டுகள் இந்த உரையாடலுக்கென்று தற்செயலாகத் தேர்ந்த அடையாள எண், ஒவ்வொரு முறையும் மாறும். அதற்கு அடுத்த பூஜ்யம் 'உன்னிடமிருந்து இன்னும் எதுவும் எனக்கு வரவில்லை' என்கிறது. கடைசி நான்கு பூஜ்யங்கள் 'இது என் முதல் பாக்கெட்' என்று சொல்பவை. நாம் கவனிக்க வேண்டியது முதலில் நிற்கும் `38`. அந்த ஒரு பைட்டில் உள்ள எட்டு பிட்டுகளில் முதல் ஐந்து, பாக்கெட்டின் வகையைச் சொல்கின்றன. மீதி மூன்று, எந்தச் சாவியைப் பயன்படுத்த வேண்டும் என்பதைச் சொல்கின்றன. `38` என்றால் வகை 7, சாவி 0. அதாவது 'புதிதாகத் தொடங்குவோம்' என்ற அழைப்பு. சர்வரின் முதல் பதில் `40` என்று ஆரம்பிக்கும். பெற்றுக்கொண்டேன் என்ற ஒப்புகை `28`. சாவி உருவாக்கும் பேச்சு `20`. பேச்சு முடிந்து உண்மையான தரவு ஓட ஆரம்பித்ததும் பெரும்பாலும் `48`.

இந்தப் பைட்டை ஏன் மறைக்கவில்லை? பெறும் முனை பாக்கெட்டைத் திறப்பதற்கு முன்பே அது எந்த வகை, எந்தச் சாவி என்று தெரிந்துகொள்ள வேண்டும். திறந்தால்தான் தெரியும் என்றால் எதை வைத்துத் திறப்பது? வேலைக்குத் தேவை என்பதால்தான் அது வெளியே நிற்கிறது. கட்டுப்பாட்டுப் பாக்கெட்டுகளை மறையாக்கம் செய்யும் `tls-crypt` வசதியைச் சேர்த்த பிறகும் இந்த முதல் பைட் வெளியேதான் இருக்கும்.

சிலர் இணைப்பை 443 என்ற போர்ட்டுக்கு மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். பாதுகாப்பான இணையதளங்கள் எல்லாம் அந்தப் போர்ட்டில்தான் ஓடுகின்றன, கூட்டத்தில் கலந்துவிடலாம் என்பது கணக்கு. ஆனால் உண்மையான இணையதள இணைப்பு `16 03 01` என்ற பைட்டுகளோடு ஆரம்பிக்கும். ஓப்பன்விபிஎன் டிசிபி வழியில் வரும்போது நீளத்தைக் குறிக்கும் இரண்டு பைட்டுகளை முன்னால் சேர்த்து, `00 0e 38` என்று ஆரம்பிக்கும். `0e` என்பதுதான் அந்தப் பதினான்கு. போர்ட் எண் ஒன்றாக இருந்தும் மூன்றாவது பைட்டைத் தாண்டுவதற்குள் வித்தியாசம் வெளியே வந்துவிடுகிறது.

முகமூடி போட்டால்?

இதைத் தெரிந்துகொண்ட விபிஎன் நிறுவனங்கள் சில, பாக்கெட்டின் பைட்டுகளை ஒரு நிலையான ரகசியத்தோடு கலந்து உருமாற்றி அனுப்பின. உதாரணத்துக்கு, அந்த ரகசியம் முதல் பைட்டில் `a5` என்று வைத்துக்கொள்வோம். `38` இப்போது `9d` ஆகிவிடும், `40` என்பது `e5` ஆகும், `28` என்பது `8d` ஆகும். `38`-ஐத் தேடும் கருவி ஏமாந்துவிடும்.

மிஷிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையைத்தான் உடைத்தது. அவர்கள் எந்த ஒரு எண்ணையும் தேடவில்லை. ஓர் இணைப்பின் முதல் நூறு பாக்கெட்டுகளை எடுத்து, அந்த இடத்தில் இருக்கும் பைட் எத்தனை விதமான மதிப்புகளை எடுக்கிறது என்று மட்டும் எண்ணினார்கள். தற்செயலான பைட்டாக இருந்தால் நூறு பாக்கெட்டுகளில் எண்பதை ஒட்டி வெவ்வேறு மதிப்புகள் வர வேண்டும். ஓப்பன்விபிஎன்னில் பாக்கெட் வகைகளே சில என்பதால், நான்குக்குக் குறையாமல் பத்துக்கு மேற்போகாமல் நிற்கும். அதோடு இன்னொரு விதி. தொடக்க அழைப்பும் அதற்கான முதல் பதிலும் கைகுலுக்கல் முடிந்த பிறகு மறுபடி வரக்கூடாது. `38` ஒருமுறை வந்து ஓய்ந்துவிடுவதைப் போலவே `9d`-யும் ஒருமுறை வந்து ஓய்ந்துவிடும். எண்ணை மாற்றினார்கள், வரிசையை மாற்றவில்லை. வரிசையை வைத்தே பிடித்துவிட்டார்கள்.

இரண்டாவது தடயம் ஒப்புகைகள். யூடிபி வழியில் பாக்கெட் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் சாவி உருவாக்கும் பேச்சில் ஒன்றும் தொலையக்கூடாது. ஆகவே அந்தக் கட்டத்தில் மட்டும் ஓப்பன்விபிஎன் தானே ஒப்புகை அனுப்பிக்கொள்கிறது. சாதாரண அமைப்பில் ஓர் ஒப்புகை 22 பைட். எல்லாம் சிறியவை, எல்லாம் ஒரே நீளம், எல்லாம் உரையாடலின் தொடக்கத்தில் குவிந்து பிறகு காணாமல் போய்விடுபவை. முழு இணைப்பையும் இன்னொரு மறையாக்கச் சுரங்கத்துக்குள் வைத்து அனுப்பினாலும், அந்தச் சுரங்கம் ஒவ்வொரு பாக்கெட்டோடும் ஒரே அளவு பைட்டுகளைச் சேர்த்தால், 22 என்பது வேறோர் எண்ணாக மாறுமே தவிர, ஒரே நீளமாக இருப்பதும் தொடக்கத்தில் குவிவதும் மாறாது. உள்ளடக்கத்தில் ஒரு பைட்டைக்கூடப் படிக்காமல், நீளத்தையும் நேரத்தையும் வைத்தே இதைக் கண்டுகொள்ளலாம்.

கதவைத் தட்டிப் பார்ப்பது

வரிசையும் நீளமும் சந்தேகத்தைத்தான் தரும். உறுதி செய்ய ஆராய்ச்சியாளர்கள் மூன்றாவது படி வைத்தார்கள். சந்தேகப்பட்ட சர்வரைத் தாங்களே வேறோர் இடத்திலிருந்து தொடர்புகொண்டு பார்ப்பது.

பல ஓப்பன்விபிஎன் சர்வர்கள் முன்பின் தெரியாதவருக்குப் பதில் சொல்லாது. சரியான முத்திரை இல்லாத பாக்கெட் வந்தால் மௌனமாகத் தள்ளிவிடும். அந்த மௌனத்திலும் ஒரு வேறுபாடு இருந்தது. டிசிபி வழியில் முதலில் முழுமையான 16 பைட் அழைப்பை அனுப்பினார்கள்: நீளத்துக்கு இரண்டு, அழைப்புக்குப் பதினான்கு. சர்வர் பாக்கெட் முழுதாக வந்துவிட்டதென்று சரிபார்த்து, முத்திரை இல்லாததால் உடனே இணைப்பைத் துண்டித்தது. அடுத்து அதே அழைப்பைக் கடைசி பைட் ஒன்றைக் குறைத்து அனுப்பினார்கள். இப்போது சர்வர் பதினான்கு வரும் என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் பதின்மூன்றுதான் வந்திருக்கிறது என்று எண்ணி, விடுபட்ட ஒன்றுக்காகக் காத்திருந்தது. காத்திருப்புக் காலம் தீர்ந்த பிறகுதான் துண்டித்தது. ஒரு சாதாரண இணையதள சர்வருக்கு இரண்டுமே பொருளற்ற பைட்டுகள்தான். இரண்டையும் ஒரே மாதிரி நடத்தும். பதில் எதுவும் சொல்லாமலே ஓப்பன்விபிஎன் சர்வர் தன்னை வெளிப்படுத்திக்கொண்டுவிட்டது.

இந்த முறையை அவர்கள் ஆய்வகத்தில் மட்டும் சோதிக்கவில்லை. மிஷிகனில் சுமார் பத்து லட்சம் பயனர்களுக்குச் சேவை தரும் மெரிட் என்ற இணையச் சேவை அமைப்பின் நெட்வொர்க்கில் பொருத்தினார்கள். சோதனைக்காகத் தாங்களே ஓடவிட்ட 2,000 ஓப்பன்விபிஎன் இணைப்புகளில் 1,718 பிடிபட்டன. 'எங்கள் இணைப்பை யாராலும் அடையாளம் காண முடியாது' என்ற வகையில் முகமூடியிட்டு விற்கப்பட்ட 41 அமைப்புகளில் 34 அகப்பட்டன. பணம் கொடுத்து வாங்கியவர்கள் நம்பியிருந்த முகமூடி அது. இந்த எண்ணிக்கை எனக்குக் கோபத்தைத் தருகிறது. சில நாடுகளில் அந்த முகமூடியை நம்பிப் பேசுபவருக்கு அது பணப் பிரச்சினை அல்ல, சிறைப் பிரச்சினை.

ஒயர்கார்டின் கதை வேறு

கதவைத் தட்டிப் பார்க்கும் உத்தி ஒயர்கார்டிடம் பலிக்காது. சரியான சாவி கொண்டு தயாரிக்கப்படாத பாக்கெட்டுக்கு அது எந்தப் பதிலும் தராது. அது யூடிபி வழியில் மட்டும் ஓடுவதால் துண்டிப்பதற்கு இணைப்பென்று ஒன்றும் இல்லை. அங்கே சர்வர் இருக்கிறதா என்பதே வெளியாளுக்குத் தெரியாது.

ஆனால் சாவி உள்ள பயனர் பேச ஆரம்பித்ததும் நிலைமை மாறிவிடுகிறது. அவருடைய முதல் பாக்கெட் சரியாக 148 பைட், `01 00 00 00` என்று ஆரம்பிக்கும். சர்வரின் பதில் சரியாக 92 பைட், `02 00 00 00` என்று ஆரம்பிக்கும். தரவுப் பாக்கெட்டுகள் `04 00 00 00` என்று ஆரம்பிக்கும். 148, உடனே 92, பிறகு நான்கு என்று ஆரம்பிக்கும் பாக்கெட்டுகள். ஓப்பன்விபிஎன்னுக்கு நூறு பாக்கெட் பார்க்க வேண்டியிருந்தது. இங்கே இரண்டு போதும். இதை ஒயர்கார்டின் குறை என்று சொல்வது நியாயமில்லை. உருமறைப்பு தங்கள் நோக்கம் அல்ல, தேவைப்பட்டால் அதை மேலே வேறோர் அடுக்கில் செய்துகொள்ளுங்கள் என்று அதை உருவாக்கியவர்கள் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். எளிமைக்காகவும் வேகத்துக்காகவும் எடுத்த முடிவு அது. ரஷ்யர்கள் பலர் பயன்படுத்தும் அம்னீசியா ஒயர்கார்டு என்ற மாற்று வடிவம், இந்தத் தொடக்க எண்களை மாற்றி, கைகுலுக்கலுக்கு முன்னும் உள்ளும் வெற்றுப் பைட்டுகளைச் சேர்த்து, அந்த 148-ஐயும் 92-ஐயும் கலைக்கிறது.

இதை உங்கள் கணினியிலேயே பார்க்கலாம். ஒயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, விபிஎன் உருவாக்கும் மெய்நிகர் இடைமுகத்தை விட்டுவிட்டு, வைஃபை அல்லது கேபிள் இடைமுகத்தைத் தேர்ந்து பதிவு செய்யுங்கள். பிறகு விபிஎன்னை இணையுங்கள். ஓப்பன்விபிஎன் அதன் வழக்கமான 1194 போர்ட்டில் ஓடினால் முதல் பாக்கெட்டின் பக்கத்தில் `P_CONTROL_HARD_RESET_CLIENT_V2` என்று மென்பொருள் எழுதிக்காட்டும். ஒரு மேசைக் கணினியால் இது முடிகிறது என்றால், நாட்டின் வாயிலில் நிற்கும் கருவியால் முடியாமல் போகாது.

எதுவுமே தெரியாதபடி செய்தால்?

அப்படியானால் முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை எந்த ஒழுங்கும் இல்லாமல், முழுக்கத் தற்செயல் போலத் தோன்றும்படி அனுப்பிவிடலாமே? ஷேடோசாக்ஸ் போன்ற கருவிகள் அதைத்தான் செய்தன. 2021 நவம்பரில் சீனாவின் தடுப்புச் சுவர் அதற்கும் ஒரு பதில் கண்டுபிடித்தது. அந்த ஆய்வு 2023-இல் வெளிவந்தது.

சீனக் கருவி ஷேடோசாக்ஸைத் தேடவில்லை. டிசிபி இணைப்பின் முதல் தரவுப் பாக்கெட்டைப் பார்த்து, இது வழக்கமான எதைப் போலவாவது இருக்கிறதா என்று கேட்டது. வழக்கமான இணையதளத் தொடக்கமா, விட்டுவிடு. முதல் ஆறு பைட்டுகளும் படிக்கக்கூடிய எழுத்துகளா, விட்டுவிடு. பாதிக்கு மேல் எழுத்துகளா, விட்டுவிடு. ஒரு பைட்டின் எட்டு பிட்டுகளில் சராசரியாக எத்தனை ஒன்றுகள் என்று எண்ணி, 3.4-க்கு மேலே போகாவிட்டாலோ 4.6-க்குக் கீழே வராவிட்டாலோ, விட்டுவிடு. நல்ல மறையாக்கத்தில் அந்தச் சராசரி நான்கை ஒட்டியே இருக்கும். எந்தச் சலுகையிலும் சேராமல் எஞ்சியதைத் தடுத்தது. எந்த அடையாளமும் இல்லாமல் இருப்பதே அடையாளமாகிவிட்டது.

இங்கேதான் டிபிஐயின் எல்லையும் தெரிகிறது. அதே கருவி, சர்வர்களை வாடகைக்கு விடும் சில தரவு மையங்களின் முகவரிகளை நோக்கிப் போகும் இணைப்புகளை மட்டும் இப்படிச் சோதித்தது. அவற்றிலும் ஏறத்தாழ நான்கில் ஒன்றைத்தான் தடுத்தது. காரணம் எளிய கணக்கு. பத்து லட்சம் இணைப்புகளில் ஆயிரம்தான் விபிஎன் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் தவறு செய்யும் கருவி, அந்த ஆயிரத்தைப் பிடிக்கும்போது ஒரு பாவமும் அறியாத பத்தாயிரம் இணைப்புகளையும் சேர்த்துப் பிடிக்கும். அலுவலக வேலை நிற்கும், பணப் பரிமாற்றம் நிற்கும். தேடப்படுவது அரிதாக இருக்கும்போது சிறு பிழையும் பெருந்தொகையாகிவிடும். மிஷிகன் ஆராய்ச்சியாளர்கள் முதலில் சலித்து, பிறகு கதவைத் தட்டி உறுதி செய்ததும் இதனால்தான்.

ஆகவே தப்பிக்கும் வழி ஒளிந்துகொள்வதில் இல்லை; தடுத்தால் பலருக்கும் வலிக்கும் ஒன்றோடு கலந்துவிடுவதில் இருக்கிறது. விபிஎன் தரவை உண்மையான இணையதள மறையாக்கத்துக்குள் வைத்து, உண்மையான இணையதளம் போலவே பதில் தரும் சர்வருக்கு அனுப்புவது இன்றைய கருவிகள் பலவும் எடுக்கும் பாதை. அதுவும் முழுமையானதல்ல. நீங்கள் உள்ளே ஓர் இணையதளத்தைத் திறந்தால், அதன் கைகுலுக்கல் வெளிச் சுரங்கத்துக்குள் நடக்கிறது. ஒரு கைகுலுக்கலுக்குள் இன்னொரு கைகுலுக்கல் நடக்கும்போது போகும் வரும் பாக்கெட்டுகளின் அளவில் ஒரு தனி வடிவம் தெரிகிறது என்று அதே மிஷிகன் குழு 2024-இல் காட்டியது.

இரண்டு விஷயங்களைப் பிரித்துப் புரிந்துகொள்வது நல்லது. நெறிமுறையைக் கண்டுபிடித்த கருவி உங்கள் பேச்சைப் படித்துவிடவில்லை. மறையாக்கம் உடையவில்லை, நீங்கள் போன தளம் இன்னும் ரகசியமே. விபிஎன் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட இடத்தில், காப்பிக்கடை வைஃபையில் கடவுச்சொல்லைக் காக்க நினைப்பவருக்கு இது போதும். விபிஎன் பயன்படுத்துவதே குற்றமாகக் கருதப்படும் இடத்தில் இது போதாது. அங்கே இருப்பவரிடம் ஒரு நிறுவனம் 'யாருக்கும் தெரியாது' என்று சொல்லி விற்றால், அவர் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. பாக்கெட் வகையைச் சொல்லும் பைட் என்ன ஆகிறது? கைகுலுக்கல் பாக்கெட்டுகளின் நீளம் ஒவ்வொரு முறையும் மாறுகிறதா? அந்நியர் தொடர்புகொண்டால் சர்வர் எப்படி நடந்துகொள்கிறது? இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் சொல்லாத நிறுவனம் விற்பது மறையாக்கம் மட்டுமே, மறைவு அல்ல.